நடைவழிக்குப் பெயர் வைப்பது எப்படி? மதுரை ‘ஏழுகடல் நடை’யை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மதுரைக் கோயிலின் கிழக்கு வாசலில் தொடங்கி திருமலை நாயக்கர் மகால் வரை, பழைய இடங்களை நடந்தே பார்த்து வர ஒன்றரை கிலோமீட்டர் அளவில் ஒரு நடைவழி போட்டோம். முதலில் வைத்த பெயர் ‘மதுரை பாரம்பரிய நடை’. வந்தவர்கள் நன்றாகத்தான் ரசித்தார்கள். மறுவாரம் போன் செய்து எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால், “மகாலுக்குப் போனோம், அதுக்கு முன்னாடி ஏதோ தூண்” என்று நிற்பார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் அதே வழியில் இன்னொரு முறை போகச் சொன்னால் பாதியில் கடைவீதிக்குள் காணாமல் போவார்கள். வழியில் குறை இல்லை, பெயரில்தான் இருந்தது. அதைத் திருத்திய வரிசையைக் கீழே தருகிறேன். புதிதாகச் செய்பவர்கள் நாலாவது படியில்தான் தொடங்குகிறார்கள். அதனாலேயே முதல் மூன்றைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

1. பெயரைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

வழியை மூன்று முறை நடந்திருக்க வேண்டும்: காலையில் கடை திறக்கும் முன் ஒரு முறை, மாலை நெரிசலில் ஒரு முறை, கடைசியாக எதிர்த்திசையில் ஒரு முறை. காலையில் கண்ணுக்கு எதிரே நிற்கும் கல், மாலையில் ஜவுளிக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கண்ணில் படாத இடத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும் வேலைக்கு ஆகாது. எதிர்த்திசையில் நடந்தால் எந்தத் திருப்பத்தில் ஆள் குழம்புவார் என்று நமக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு இடத்திலும் டீக்கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர் என்று மூன்று பேரிடம் “இதுக்கு என்ன பேரு?” என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். “இதுதானே இராய கோபுரம்?” என்று கேட்காதீர்கள். பெயரை நாமே எடுத்துக் கொடுத்தால், “ஆமாண்ணே” என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: அதே பெயர் ஊருக்குள் வேறு எதற்காவது இருக்கிறதா? இதை நாங்கள் முதலில் செய்யவில்லை. அதற்குக் கொடுத்த விலையை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. நிறுத்தங்களைக் குறைத்து, வரிசையைப் பூட்டுங்கள்

எங்கள் முதல் பட்டியலில் பதினொரு நிறுத்தங்கள். கடைசியில் நின்றது ஏழு: புதுமண்டபம், இராய கோபுரம், விட்டவாசல், கீழமாசி வீதித் தேரடி, விளக்குத்தூண், பத்துத்தூண், மகால்.

வெட்டியவை நல்ல இடங்கள் இல்லை என்பதல்ல. விரல்விட்டு எண்ணி மடக்க முடிகிற அளவுக்கு மேல் போனால், வந்தவர்கள் முதல் இரண்டையும் கடைசி ஒன்றையும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளதை நழுவ விடுகிறார்கள். நடுவில் நழுவினால் வழியும் அங்கேயே அறுந்துபோகும். ஓர் இடத்தை வைப்பதா எடுப்பதா என்று தயங்கினால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அதைச் சொல்லாமல் விட்டால் வருபவர் தவறான திருப்பத்தில் போவாரா? தேரடியை வைத்தது அதனால்தான். பார்த்து முடிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால், அது இல்லையென்றால் விட்டவாசலைத் தாண்டியவர்கள் கீழமாசி வீதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று முழிக்கிறார்கள்.

பெயர் வைப்பதற்கு முன்பே வரிசை முடிவாக வேண்டும். பெயர் வந்தபின் வரிசையை மாற்றினால், பழைய வரிசையைக் கற்றவர்களுக்கு இரண்டும் கலந்துவிடும்.

3. நிறுத்தங்களின் பெயர்: ஊர் வாயில் இருப்பதை எடுங்கள்

நிறுத்தங்களுக்குப் புதுப்பெயர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வழி தவறியவர் கேட்கப்போவது உங்களிடம் அல்ல, தெருவில் நிற்பவரிடம். அவருக்குத் தெரியாத பெயர் அந்த நேரத்தில் செல்லாக்காசு. எங்கள் ஏழில் ஆறு பெயர்கள் ஊர் சொல்வதுதான். தேரடிக்கு மட்டும் சிலர் தேர்முட்டி என்றார்கள். கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னதை எடுத்துக்கொண்டோம்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழி, இன்னொன்றின் பெயர். இராய கோபுரம் கட்டி முடிக்கப்படாதது. கீழ்ப்பகுதி மட்டும்தான் நிற்கிறது. எங்களில் ஒருவர் எழுதிய துண்டுத்தாளில், கேட்டவுடன் பதியட்டும் என்று அதை ‘மொட்டைக் கோபுரம்’ என்று போட்டுவிட்டார். அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி அரைமணி நேரம் ஆளைக் காணோம். பூக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். “மொட்டக் கோபுரமா? அப்படியே வடக்குச் சித்திர வீதிக்குப் போங்க, முனீஸ்வரன் கோயில் இருக்கும்” என்று பதில் வந்திருக்கிறது. பூக்காரம்மா சொன்னது சரி. மதுரையில் மொட்டைக் கோபுரம் என்றால் கோயிலின் வடக்குக் கோபுரம்தான். அப்பெயர் இராய கோபுரத்துக்கும் பொருந்தும், ஆனால் வேறொரு கோபுரம் முன்பே எடுத்துக்கொண்டது.

இரண்டாவது குழி, கடையை வைத்துப் பெயரிடுவது. புதுமண்டபம் என்றால் வெகுகாலம் தையல்காரர்களும் பாத்திரக்கடையும் புத்தகக்கடையும்தான் நினைவுக்கு வரும். ‘தையல் மண்டபம்’ என்று வைத்தால் அழகாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. இன்று அந்தப் பெயரைக் கேட்டு வருபவர் தையல் மெஷின் சத்தத்தைத் தேடிக்கொண்டு சத்திரத்து வாசலில் போய் நிற்பார். கடை இடம் மாறும், கல் மாறாது. புதுமண்டபம் திருமலை நாயக்கர் காலத்தது. கிட்டத்தட்ட நானூறு வருடமாகியும் ‘புது’ என்றே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கேட்டுச் சிரிப்பவர் பெயரை மறப்பதில்லை.

மூன்றாவது குழி, மாதம். மதுரை வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயர். இதைப் பார்த்து ‘சித்திரை நடை’ என்று சொல்லிப் பார்த்தோம். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். பெயரை நம்பி வருபவர் சித்திரை வீதியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். வெளியூர்க்காரர் குற்றம் இதில் ஒன்றும் இல்லை.

4. மொத்த வழிக்குப் பெயர்: எண்ணிக்கையும் தொடக்கமும் உள்ளே இருக்கட்டும்

வழியின் பெயர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை இடம், எங்கே தொடங்குகிறது? நம் ஊரில் இது புதிதல்ல. அறுபடை வீடு என்றால் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. நவதிருப்பதி, அட்டவீரட்டம், சப்தவிடங்கத் தலம் எல்லாவற்றிலும் எண்தான் முதலில் நிற்கிறது. ஒன்பதில் எட்டைப் பார்த்தவருக்கு ஒன்று பாக்கி என்று பெயரே சொல்லிக்கொண்டிருக்கும். ‘பாரம்பரிய நடை’ என்ற பெயரில் இந்தப் பாக்கிக் கணக்கு இல்லை. பாதியில் ஜிகர்தண்டா குடிக்கப் போனவரைத் திரும்ப இழுத்து வர அதற்கு ஒரு வழியும் இல்லை.

எங்களுக்கு எண் ஏழு. புதுமண்டபத்துக்கும் இராய கோபுரத்துக்கும் ஒட்டியே ஏழுகடல் தெரு இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலில் நீராட ஆசைப்பட, சிவன் ஏழு கடலையும் அங்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல் கதை. அதனால் வந்த பெயர் அது. குளம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஆக, ‘ஏழுகடல் நடை’ என்று சொன்னாலே ஏழு இடம் என்பது தெரிந்துவிடுகிறது. ஆட்டோவில் ஏறி “ஏழுகடல் தெரு” என்றால் தொடங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடுவதில்லை என்பதால் இது சின்ன வசதி அல்ல.

கழித்துவிட்ட பெயர்களையும் சொல்கிறேன். ‘தூங்காநகர் நடை’ காதுக்கு நன்றாக இருந்தது, ஆனால் மதுரையில் எந்த வழிக்கும் அதை வைக்கலாம். கேட்டவர்களோ இரவு நடை என்று நினைத்தார்கள். ‘நாயக்கர் வழி’ என்று வைத்தால் விட்டவாசலும் விளக்குத்தூணும் வெளியே நிற்கும். முன்னது பாண்டியர் கோட்டையில் இடிக்காமல் விட்டுவைத்த வாசல். பின்னது 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்ததற்கு நன்றியாக எழுந்த விளக்குக் கம்பம். ஏழில் இரண்டைப் பொய்யாக்கும் பெயரைக் கேட்டு வருபவர், அந்த இரண்டையும் நாயக்கர் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

நீளம் எவ்வளவு இருக்கலாம்? ஓடும் ஷேர் ஆட்டோவில் ஒரு மூச்சில் சொல்ல வர வேண்டும். இரண்டு சொல்லுக்கு மேல் போனால் மக்களே சுருக்கிவிடுவார்கள், அவர்கள் எப்படிச் சுருக்குவார்கள் என்பது நம் கையில் இல்லை.

5. எல்லா நிறுத்தங்களையும் ஒரே வாக்கியத்தில் கோர்ப்பது

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. வழிக்குப் பெயர், நிறுத்தங்களுக்குப் பெயர் இரண்டும் இருந்தாலும், வரிசை மனசில் நிற்க ஒரு கயிறு வேண்டும். முதலில் எல்லோரையும்போல நாங்களும் முதலெழுத்துகளைக் கோர்த்தோம்: பு, இ, வி, தே, வி, ப, ம. வி இரண்டு முறை வருகிறது. வாயில் நுழையாத ஒரு சொல் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் தமிழில் இதற்குக் கை கொடுப்பது வினையெச்சம் என்று புரிந்தது. “போய், பார்த்து, வாங்கி” என்று நிறுத்தினால் கேட்பவர் “அப்புறம்?” என்று காத்திருப்பார். முடியாத வினை அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருக்கும், வரிசையையும் மாற்ற விடாது. எனவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வினையெச்சம், கடைசி நிறுத்தத்துக்கு மட்டும் முற்று:

“புதுசில் தொடங்கி, முடியாததை அண்ணாந்து பார்த்து, விட்டதில் நுழைந்து, தேரடியில் நின்று, விளக்கைத் தாண்டி, பத்தை எண்ணி, மகாலில் உட்கார்.”

இதைக் கட்டும்போது பார்க்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு துண்டிலும் நிறுத்தத்தின் பெயரில் ஒரு துணுக்காவது இருக்க வேண்டும். ‘முடியாதது’ மட்டும் இதற்கு விலக்கு. இராய என்பதை வைத்து வினை எதுவும் அமையவில்லை. ஆனால் அங்கே போய் அண்ணாந்து பார்த்தவருக்கு மேலே கோபுரம் இல்லாத ஏமாற்றமே பெயரை நினைவூட்டிவிடுகிறது. இரண்டாவது, வினை அந்த இடத்தில் உடம்பு உண்மையிலேயே செய்வதாக இருக்க வேண்டும். விட்டவாசலில் நுழைகிறோம், பத்துத்தூணில் எண்ணுகிறோம். மூன்றாவது, ஒரே வினை இரண்டு முறை வரக்கூடாது. ‘பார்த்து, பார்த்து’ என்று எழுதிய முதல் வடிவத்தில் எதைப் பார்த்தோம் என்பதே கலந்துபோனது.

வினையை எவ்வளவு கவனமாக எடுக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விளக்குத்தூணுக்கு முதலில் வைத்தது ‘விளக்கைச் சுற்றி’. கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் முனையில் நிற்கிறது அது. மாலை ஆறு மணி, நாலு பக்கமும் வண்டி. ஒரு பள்ளிக்கூடப் பையன் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கம்பத்தைச் சுற்ற இறங்கிவிட்டான். டிராபிக் போலீஸ்காரர் விசில் ஊதி, கையைப் பிடித்து ஓரத்தில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கே ‘தாண்டி’ என்று மாற்றினோம். இன்னொரு பலனும் கிடைத்தது: இங்கே நிற்காதே, இன்னும் போ என்று அந்தச் சொல் தள்ளிவிடுகிறது. முன்பு விளக்குத்தூணிலேயே புடவைக்கடைக்குள் கரைந்துபோன கூட்டம் இப்போது பத்துத்தூண் சந்து வரைக்கும் வருகிறது.

‘எண்ணி’ என்பதற்கும் ஒரு வேலை உண்டு. நாயக்கர் அரண்மனையின் மிச்சமான அந்தக் கல்தூண்கள் சந்துக்குள் கடைகளுக்கும் சுவர்களுக்கும் இடையே நிற்கின்றன. பெரிய வீதியிலிருந்து தெரியாது. மூன்று தூணைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று திரும்புபவரை, பத்து வரை எண்ணச் சொல்லும் சொல் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது.

விளக்குத்தூண், பத்துத்தூண் இரண்டும் தூண் என்பதால் இடம் மாறிப்போவதுதான் எங்கள் வழியின் பெரிய சிக்கல். பெயரை மாற்ற முடியாது, ஊர் விடாது. அதனால்தான் வாக்கியத்தில் தூண் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, விளக்கு, பத்து என்று வேறுபடும் பாதியை மட்டும் வைத்தோம். உங்கள் வழியிலும் ஒரே முடிவு கொண்ட பெயர்கள் இரண்டு இருந்தால் (இரண்டு சுனை, இரண்டு மண்டபம்) இப்படியே செய்யுங்கள்.

6. அச்சடிக்கும் முன் மூன்று சோதனை

முதல் சோதனை டீக்கடையில். வழியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, “எத்தனை இடம் இருக்கும்? எங்க ஆரம்பிக்கும்?” என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றையாவது சரியாகச் சொன்னால் பெயர் வேலை செய்கிறது.

இரண்டாவது, தனி நடை. வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்து, கையில் தாள் இல்லாமல் அனுப்புங்கள். நீங்கள் இருபதடி பின்னால் போங்கள், வாயைத் திறக்காதீர்கள். எங்கே நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறாரோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படிக் கிடைத்தது இராய கோபுரத்துக்கும் விட்டவாசலுக்கும் இடைப்பட்ட துண்டு. வாக்கியத்தைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியவில்லை, அம்புக்குறி ஒன்று வைக்க வேண்டியதாயிற்று. பெயரால் ஆகாத வேலையும் உண்டு.

மூன்றாவது, ஒரு வாரம் கழித்துப் போன். நடந்து முடித்த அன்று கேட்டால் எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் எந்தத் துண்டு விழுகிறதோ அந்த வினையை மாற்றுங்கள். எங்களுக்கு விழுந்தது தேரடி. நிற்பது என்பது மங்கலான வினை. இன்னும் நல்லது அகப்படவில்லை.

7. பலகையும் எழுத்தும்

பலகையில் மூன்றே வரி: வழியின் பெயர், நிறுத்தத்தின் பெயர், ‘ஏழில் மூன்று’ என்பது போன்ற எண்ணிக்கை. எண் மட்டும் போட்டால் அது வீட்டுக் கதவிலக்கம்போலத் தெரியும். ‘ஏழில்’ என்ற சொல்தான் இன்னும் நாலு பாக்கி என்று சொல்கிறது. வாக்கியத்தின் அந்தத் துண்டையும் சிறிய எழுத்தில் சேர்க்கலாம், ஆனால் அடுத்த துண்டைச் சேர்க்காதீர்கள். அதை அவராக நினைத்துப் பார்க்க வேண்டும்.

போனில் தேடுபவர்களுக்காக ஆங்கில எழுத்தில் ஒரே வடிவத்தை எடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ழ இருந்தால் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள்: `Ezhukadal`, `Elukadal`, `Yezhu Kadal`. நாங்கள் முதலாவதை எடுத்தோம். வரைபடத்தில் தொடக்கப் புள்ளியைப் புதுமண்டபத்தின் மேல் குத்துங்கள், வழியின் நடுவில் குத்தாதீர்கள். நடுவில் குத்திய முதல் வாரம் ஆட்களெல்லாம் தேரடியில் வந்து இறங்கினார்கள்.

8. மலைவழி என்றால் மாறுவது

மதுரைக்குப் பக்கத்திலேயே கீழக்குயில்குடி சமணர் மலையை எடுத்துக்கொள்வோம். தெருவில் வழி தவறினால் கேட்க ஆள் உண்டு, பாறையில் இல்லை. அதனால் மலையில் சிற்பங்களுக்குப் பெயர் சொல்வதற்கு முன் பிரிவுகளுக்குப் பெயர் வேண்டும். அங்கே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்று ஊரார் வைத்த அருமையான பெயர்கள் இருக்கின்றன. புடவு என்றால் குகை, அதை விளக்கினாலே பாதி வேலை முடிந்தது. ஆனால், பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறிப் போக வேண்டும், செட்டிப்புடவுக்குப் போவது மலையை ஒட்டிய வேறு பாதை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோர்த்தால், படியேறியவர் செட்டிப்புடவை உச்சியில் தேடுவார். அங்கே ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழி, இரண்டு பெயர், இரண்டு வாக்கியம். இரண்டும் தொடங்கும் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் இரண்டுக்கும் பலகை வையுங்கள்.

9. நிறுத்தம் ஒன்று மூடிவிட்டால்

சீரமைப்பு, தேரோட்டம், சாலை வேலை என்று எப்போதும் ஏதாவது ஒன்று அடைபட்டிருக்கும். எண்ணை மாற்றாதீர்கள். ஆறாகக் குறைத்தால் ‘ஏழுகடல்’ பொய்யாகிவிடும், வாக்கியமும் நடுவில் உடையும். பலகையில் ‘வெளியிலிருந்து பார்க்கவும்’ என்று ஒரு பட்டை ஒட்டுங்கள், போதும். மகாலுக்கு மட்டும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு உண்டு, மாலையில் வாசலை அடைத்துவிட்டால் ‘மகாலில் உட்கார்’ என்பது தெருவோரத் திண்ணையில் உட்கார் என்றாகிவிடும். நாங்கள் மாலை நடையை மூன்று மணிக்கே எடுப்பது இதனால்தான்.